டீசல் டேங்க்கின் டிப் கணக்கு: 128 மில்லிமீட்டரைத் தாண்டியதும் நின்றுபோன தேடல்

குளச்சல் கடற்கரையை ஒட்டிய ஓர் ஐஸ் பிளான்ட்டில் ஜெனரேட்டருக்கு டீசல் வைக்கும் படுக்கை டேங்க்குகள் இரண்டு. பவுசர் வந்து டீசல் இறக்கும்போது, சொன்ன லிட்டர் உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு கைக்கருவி செய்யப்பட்டது. இறக்கும் முன் டிப் ராடு காட்டிய உயரத்தையும் வரப்போகும் லிட்டரையும் தட்டினால், இறக்கி முடித்ததும் ராடில் எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்க வேண்டும் என்று கருவி சொல்லும். இரண்டு தடவை நின்றுபோய், மூன்றாவது வடிவத்தில்தான் சரியானது. நின்றதற்கான காரணம் கம்பியிலோ சால்டரிங்கிலோ இல்லை. தேடலை எப்போது நிறுத்துவது என்று எழுதிய ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரியைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

பொருட்களும் அளவுகளும்

ஆர்டுயினோ யூனோ போர்டு ஒன்று, 16 எழுத்து இரண்டு வரி எல்.சி.டி. ஒன்று, பதினாறு பொத்தான் கீபேட் ஒன்று, பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. நாகர்கோவிலில் வாங்கியதில் எல்லாம் சேர்த்து சுமார் 1,200 ரூபாய் ஆனது. டிப் ராடு ஏற்கெனவே இருந்தது. பித்தளைப் பட்டை, மில்லிமீட்டர் கோடு போட்டது. டீசல் பக்கத்தில் தீப்பொறி வராத உலோகம் என்பதால் அதை மாற்றவில்லை.

டேங்க்கின் உள்விட்டத்தை நேராக அளக்க முடியாது. வெளிச்சுற்றளவை எஃகு டேப்பால் மூன்று இடத்தில் சுற்றி எடுத்ததில் 3,179 மி.மீ. வந்தது. அதை 3.1416-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் 1,012. தகட்டின் தடிமன் 6 மி.மீ.; இரண்டு பக்கமும் கழித்தால் உள்விட்டம் 1,000. உள்நீளம் 2,000. இரு முனைகளும் தட்டைத் தகடு. டியூப் லெவல் வைத்துப் பார்த்ததில் டேங்க் சாய்வில்லாமல் கிடந்தது. முனை குவிந்த டேங்க்காகவோ ஒரு பக்கம் சாய்ந்ததாகவோ இருந்தால் கீழே வரும் சூத்திரம் பொருந்தாது.

நனைந்த உயரம் h, உள்ஆரம் R, உள்நீளம் L தெரிந்தால் கொள்ளளவு காண்பது ஒரு வரிக் கணக்கு:

```cpp
float volume(float h, float R, float L) {
  float d = R - h;
  float a = R*R*acos(d/R) - d*sqrt(2*R*h - h*h);
  return a * L / 1e6;   // mm3 -> litre
}
```

முழு டேங்க் 1,570.8 லிட்டர். பாதி உயரத்தில் 785.4. நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 2 லிட்டர். அடியில் 50 மி.மீ. உயரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 0.87 லிட்டர்தான்.

ஆனால் இந்தக் கருவிக்குத் தேவை தலைகீழ்க் கணக்கு: லிட்டரைக் கொடுத்து உயரத்தைக் கேட்பது. `acos`, `sqrt` இரண்டுக்குள்ளும் h மாட்டிக்கொண்டிருப்பதால் அதைப் பிரித்து வெளியே எடுக்க வழியில்லை. உயரம் ஏற ஏறக் கொள்ளளவு ஏறிக்கொண்டே போகும், எங்கும் இறங்காது. அது போதும்; பைனரி சர்ச் போடலாம்.

ஒரு கணக்கை நடத்திப் பார்க்கலாம். இறக்கும் முன் டிப் 412 மி.மீ., வருவது 400 லிட்டர். 412 மி.மீ.க்குக் கொள்ளளவு 610.31 லிட்டர். ஆக இலக்கு 1,010.31. தேடும் எல்லை 0 முதல் 1,000 வரை. நடு 500, அங்கே 785.40, குறைவு. எனவே விடை 500-க்கு மேலே. அடுத்த நடு 750, அங்கே 1,263.70, அதிகம். 625-இல் 1,032.77, அதிகம். 562.5-இல் 910.07, குறைவு. 593.75-இல் 971.79, குறைவு. 609.375-இல் 1,002.39, குறைவு. ஆறு சுற்றில் விடை 609.375-க்கும் 625-க்கும் நடுவே அடைபட்டுவிட்டது. அகலம் 15.625, அதாவது 1,000-ஐ ஆறு தடவை பாதியாக்கியது. இப்படியே போனால் 613.44 மி.மீ. வரும். இறக்கி முடித்ததும் ராடு 613 காட்ட வேண்டும். 20 லிட்டர் குறைவாக இறங்கியிருந்தால் அது 603 அளவில் நிற்கும். பத்து மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பித்தளை ராடில் யாரும் தவறவிட மாட்டார்கள்.

முதல் தடவை எழுதியது

முதலில் மடிக்கணினியில் எழுதிப் பார்த்து, அப்படியே யூனோவுக்கு மாற்றப்பட்டது. இதில் `vol` என்பது மேலே உள்ள `volume`-ஐ அந்த டேங்க்கின் R, L போட்டு அழைப்பது.

```cpp
while (hi - lo > 0.00001) {
  double mid = (lo + hi) / 2;
  if (vol(mid) < target) lo = mid;
  else hi = mid;
}
```

எல்லை 0.00001 மி.மீ.க்குள் சுருங்கும் வரை சுற்று என்று பொருள். மடிக்கணினியில் எந்த இலக்கு கொடுத்தாலும் நொடியில் விடை வந்தது. யூனோவில் காலி டேங்க்கில் 50 லிட்டர் என்று கொடுத்தபோதும் சரியான விடை, 100 லிட்டருக்கும் சரி. ஒரு பேரல், அதாவது 200 லிட்டர் என்று தட்டியதும் எல்.சி.டி. அப்படியே உறைந்தது. கீபேட் எதற்கும் பதில் இல்லை.

முதல் சந்தேகம் கீபேட் மேல். தட்டுவதைப் படிக்கும் இடத்தில் ஏதோ சிக்கல் என்று நினைத்து அந்தப் பகுதி முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. பயனில்லை. இலக்கை நிரலிலேயே எழுதிவைத்துக் கீபேடைக் கழற்றிய பிறகும் 200-இல் நின்றது. அரை நாள் அதில் போனது.

அடுத்து லூப்புக்குள் `Serial.println(hi - lo);` சேர்க்கப்பட்டது. திரையில் 0.00, 0.00, 0.00 என்று முடிவில்லாமல் ஓடியது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் லூப் ஏன் முடியவில்லை? இது பார்ப்பவரை ஏமாற்றும் இடம். ஆர்டுயினோ தசம எண்ணை அச்சிடும்போது, நாம் எதுவும் சொல்லாவிட்டால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் போடும். `Serial.println(hi - lo, 6);` என்று மாற்றியதும் உண்மை தெரிந்தது: 0.000015. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. நாம் கேட்ட 0.000010-க்கு அது ஒருபோதும் வரப்போவதில்லை.

எந்த உயரம் வரை வேலை செய்கிறது என்று இலக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தால், 117 லிட்டர் வரை விடை வருகிறது, 118-இல் நிற்கிறது. அந்த எல்லையை உயரமாக மாற்றினால் 128 மி.மீ. இந்த எண்ணைப் பார்த்ததும் டேங்க்கையும் டீசலையும் மறந்துவிடலாம். 128 என்பது 2-இன் ஏழாம் அடுக்கு. பிரச்சினை எண்ணைச் சேமிக்கும் விதத்தில்தான்.

ஏன் 128

எட்டு பிட் சிப் உள்ள இந்த யூனோவில் `double` என்று எழுதினாலும் அது நான்கு பைட் `float`-ஆகத்தான் கிடைக்கும். மடிக்கணினியில் அதே சொல் எட்டு பைட். நான்கு பைட் ஃப்ளோட்டில் மதிப்புள்ள பிட்கள் 24. அதனால் எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் பெரிதாகும். 64-க்கும் 128-க்கும் நடுவே அந்த இடைவெளி 0.0000076. 128 தாண்டி 256 வரை 0.0000153. அதன் மேல் 512 வரை 0.0000305. 1,024 வரை 0.000061. ஒவ்வொரு இரண்டின் அடுக்கிலும் இடைவெளி இரட்டிக்கிறது.

ஒரு ராடில் கோடுகள் அடிப்பக்கம் நெருக்கமாகவும் மேலே போகப் போக விலகியும் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். `lo`, `hi` இரண்டும் அடுத்தடுத்த கோடுகளில் வந்து நின்றுவிட்டால் நடுவே வேறு கோடு இல்லை. `(lo + hi) / 2` கணக்கிட்டால் அது `lo`-விலோ `hi`-யிலோதான் போய் விழும். `lo`-வில் விழுந்தால் `lo = lo`. `hi`-யில் விழுந்தால் `hi = hi`. எதுவும் மாறவில்லை. அடுத்த சுற்றிலும் இதே. 128-க்குக் கீழே கோட்டிடைவெளி 0.0000076, நாம் கேட்ட 0.00001-ஐவிடச் சிறியது, எனவே லூப் முடிகிறது. 128-க்கு மேலே இடைவெளியே 0.00001-ஐவிடப் பெரியது. நாம் கேட்டதை அந்த எண் வகையால் தர முடியாது.

மேசையில் வைத்துச் சோதித்த 50, 100 லிட்டர் இரண்டுமே 128 மி.மீ.க்குள் அடங்கியவை என்பதால் தவறு கண்ணில் படவில்லை.

தவறான திருத்தம்

காரணம் தெரிந்ததும் எளிதாகத் தோன்றிய வழி, லூப் நிற்க நாம் கேட்ட 0.00001-ஐ, அதாவது எப்சிலானைக் கூட்டுவது. 1,000 மி.மீ. டேங்க்கில் மிகப்பெரிய இடைவெளி 0.000061. எனவே 0.0001 என்று வைத்தால் எந்த உயரத்திலும் லூப் முடியும். அப்படியே மாற்றி, 1 மி.மீ. முதல் 999 மி.மீ. வரை ஓட்டிப் பார்த்ததில் எங்கும் நிற்கவில்லை. கருவி பிளான்ட்டுக்குப் போனது.

பிளான்ட்டின் இரண்டாவது டேங்க்குக்கு விட்டம் 1,200, நீளம் 2,500. முழுக் கொள்ளளவு 2,827 லிட்டர். அதற்கும் அதே நிரலில் அளவுகளை மட்டும் மாற்றிப் போட்டாகிவிட்டது. பல நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆபரேட்டரிடமிருந்து வந்த தகவல்: "அண்ணே, பெரிய டேங்க் நெறையப் போற சமயத்துல மட்டும் மெஷின் நிக்குது. மத்த நேரம் ஒண்ணும் இல்ல."

அவர் சொன்னது துல்லியமான தகவல். 1,024-ஐத் தாண்டினால் கோட்டிடைவெளி 0.000122. எப்சிலான் 0.0001. அந்த டேங்க்கில் 1,024 மி.மீ. என்பது 2,570 லிட்டர். 95 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை என்பதால் அதிகபட்சம் 2,686. ஆக, இலக்கு 2,570-க்கும் 2,686-க்கும் நடுவே விழும் இறக்கத்துக்கு மட்டும் கருவி உறையும். அந்தச் சிறிய இடைவெளியில் இலக்கு வந்து விழும் நாள் வரை யாருக்கும் தெரியாது. முதல் தவறைவிட இது மோசமானது. முதலாவது மேசையிலேயே காட்டிக்கொடுத்தது. இது பவுசர் வாசலில் நிற்கும்போது காட்டியது.

எப்சிலானை 0.001 ஆக்கினால் இதுவும் தீரும். 16,384 மி.மீ. வரை ஃப்ளோட்டின் இடைவெளி 0.001-க்குள்தான் இருக்கும், அவ்வளவு விட்டத்தில் டேங்க் அங்கே வரப்போவதில்லை. ஆனால் யாராவது நாளை அலகை மில்லிமீட்டரிலிருந்து மைக்ரானுக்கு மாற்றினாலோ, இதே லூப்பை வேறு கணக்குக்கு எடுத்தாலோ மறுபடி இதே கதை. எப்சிலான் சரியா என்பது விடை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. விடையோ இனிமேல்தான் கண்டுபிடிக்கப்பட வேண்டியது.

இடையில் இன்னொரு வழியும் பார்க்கப்பட்டது: உயரத்தை விட்டுவிட்டு, கணக்கிட்ட கொள்ளளவும் இலக்கும் 0.1 லிட்டருக்குள் ஒத்துவந்தால் நிறுத்து என்பது. அது உறையாமல் முடியும், ஆனால் விடையின் துல்லியம் இடத்துக்கு இடம் மாறும். நடு டேங்க்கில் 0.1 லிட்டர் என்றால் 0.05 மி.மீ. பிழை. அடியில் 1 மி.மீ. உயரத்தில் டீசலின் மேற்பரப்பு அகலம் 63 மி.மீ.தான், அங்கே அதே 0.1 லிட்டர் 0.8 மி.மீ. ஆகிவிடும். படிக்கப்போவது உயரத்தை என்னும்போது, நிறுத்துவதற்கும் உயரம்தான் அளவாக இருக்க வேண்டும்.

சுற்றுகளை எண்ணி நிறுத்துவது

```cpp
float findH(float target, float R, float L) {
  float lo = 0, hi = 2 * R;
  for (int i = 0; i < 30; i++) {
    float mid = lo + (hi - lo) * 0.5f;
    if (volume(mid, R, L) < target) lo = mid;
    else hi = mid;
  }
  return hi;
}
```

ஒப்பீடு போய்விட்டது. 30 சுற்று, அவ்வளவுதான். இலக்கு எதுவானாலும், டேங்க் எதுவானாலும், ஃப்ளோட்டின் கோடுகள் எங்கே இருந்தாலும் 30 சுற்றில் வெளியே வந்தாக வேண்டும். `lo`-வும் `hi`-யும் அடுத்தடுத்த கோடுகளில் நின்ற பிறகு மீதிச் சுற்றுகள் ஒன்றும் செய்யாமல் கழியும். விடை கெடாது.

30 என்பது எங்கிருந்து வந்தது? ராடில் படிக்கக்கூடியது 1 மி.மீ. கணக்கின் பிழை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும், அதாவது 0.1 மி.மீ. பெரிய டேங்க்கின் எல்லை 1,200. அதை எத்தனை தடவை பாதியாக்கினால் 0.1-க்குள் வரும்? பத்துத் தடவையில் 1.17. பதினான்கு தடவையில் 0.073. ஆக 14 சுற்றே போதும். இன்னொரு பக்கம், ஃப்ளோட்டுக்கு 24 பிட்தான் என்பதால் எல்லையின் மேல்பாதியில் விழும் விடைக்கு 24 சுற்றுக்கு மேல் துல்லியம் அதிகரிக்காது. 14-க்குக் கீழே போகக் கூடாது, 24-க்கு மேல் போய்ப் பெரிய பயன் இல்லை. டேங்க் இரண்டு மடங்கு பெரிதானால் ஒரே ஒரு சுற்றுதான் கூடத் தேவைப்படும் என்பதால், எல்லா டேங்க்குக்கும் தாராளமாக இருக்கட்டும் என்று 30 வைக்கப்பட்டது.

நேரம் ஒரு தடையே இல்லை. 16 மெகாஹெர்ட்ஸ் யூனோவில் தசம எண் கணக்குக்குத் தனி வன்பொருள் கிடையாது. `acos`, `sqrt` எல்லாம் மென்பொருளில்தான் நடக்கின்றன. அப்படியும் ஒரு சுற்று ஒரு மில்லி செகண்டுக்குள் முடிகிறது. 30 சுற்றும் சேர்ந்து கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. எப்போதும் ஒரே எண்ணிக்கை என்பதால் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்; மேசையில் ஒரு தடவை `micros()` வைத்து அளந்தது பிளான்ட்டிலும் மாறாது.

மடிக்கணினியில் எட்டு பைட் டபுளில் எழுதுபவர்களுக்கு மதிப்புள்ள பிட்கள் 53. அங்கே 60 சுற்று இந்த மாதிரிக் கணக்குக்குத் தாராளம். போட்டி நிரல் எழுதுபவர்கள் யோசிக்காமல் 100 என்று போடுவதைப் பார்க்கலாம். 100 தடவை பாதியாக்கினால் எல்லை 10-இன் 30-ஆம் அடுக்கால் வகுபடும். 10-இன் 18-ஆம் அடுக்கு அளவுள்ள எல்லையில் ஆரம்பித்தாலும் வேண்டிய அளவு சுருங்கிவிடும். டபுள் என்றாலே எப்சிலான் பிழைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 1970-இலிருந்து எண்ணும் நொடிகள் இப்போது 170 கோடிக்கு மேல். அந்த இடத்தில் டபுளின் கோட்டிடைவெளி 0.00000024 நொடி. அங்கே எப்சிலான் 0.000000001 என்று வைத்தால் மடிக்கணினியும் இந்த யூனோவைப் போலவே உறையும்.

`mid == lo || mid == hi` ஆனால் வெளியே வா என்று எழுதுவதும் யூனோவில் சரியாகவே வேலை செய்கிறது. கோடுகள் தீர்ந்ததும் நிற்கும். ஆனால் ராடு 1 மி.மீ. படிக்கும் கருவிக்கு ஃப்ளோட்டின் கடைசிக் கோடு வரை போக வேண்டிய அவசியம் என்ன? சுற்றின் எண்ணிக்கை ராடைப் பார்த்து வந்தது என்பது நிரலைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அதனால் எண்ணிக்கையே வைக்கப்பட்டது, பக்கத்தில் `// 1200 mm / 2^14 = 0.073 mm` என்ற குறிப்போடு.

எண்ணிக்கை முறை மறைத்துவிடும் ஒரு தவறு

உறையாத லூப்புக்கு ஒரு விலை உண்டு. டேங்க் கொள்ளாத அளவை இலக்காகக் கொடுத்தால் என்ன ஆகும்? சின்ன டேங்க்கில் 1,300 லிட்டர் இருக்கும்போது 400 வரப்போகிறது என்று தட்டினால் இலக்கு 1,700. எந்த நடுப்புள்ளியிலும் கொள்ளளவு அதைவிடக் குறைவு. `lo` மேலே மேலே போகும், `hi` கடைசி வரை 1,000-இலேயே நிற்கும். 30 சுற்று முடிந்ததும் கருவி அமைதியாக "1000.0" என்று காட்டும். பார்ப்பவர் டேங்க் சரியாக நிறையும் என்று நினைப்பார். உண்மையில் 129 லிட்டர் தரையில் கொட்டும்.

எனவே தேடலுக்குள் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்:

```cpp
float full = volume(2 * R, R, L);
if (!(target > 0 && target <= 0.95f * full)) {
  lcd.print("KOLLATHU");
  return;
}
```

நிபந்தனையை `!( ... )` என்று தலைகீழாக எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். எங்காவது தவறான கணக்கில் இலக்கு எண்ணே அல்லாத `NaN` ஆகிவிட்டால் அதோடு செய்யும் சிறியதா, பெரியதா என்ற எந்த ஒப்பீடும் பொய் என்றே வரும். இப்படி எழுதினால் அதுவும் இங்கேயே தடுக்கப்படும். இல்லாவிட்டால் 30 சுற்றும் `hi`-யைக் கீழே தள்ளிக்கொண்டே போய், கிட்டத்தட்ட பூஜ்ய உயரத்தை விடையாகக் காட்டும்.

இன்னொரு எல்லை டேங்க்கின் அடியில். `volume` சூத்திரம் இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கிறது. h மிகச் சிறியதானால் ஃப்ளோட்டில் `500 - h` அப்படியே 500 ஆகிவிடும். h = 0.00001 என்று கொடுத்துப் பார்த்தால் முதல் பகுதி பூஜ்யம், இரண்டாவது பகுதி 50, விடை கழித்தல் 0.1 லிட்டர். டேங்க்கில் கழித்தல் டீசல்! அந்த இடத்தில் கொள்ளளவு ஒழுங்காக ஏறுவதில்லை, குதிக்கிறது. பைனரி சர்ச்சுக்கு ஆதாரமான ஏறுமுகம் அங்கே உடைகிறது. இந்தப் பிளான்ட்டில் உறிஞ்சு குழாயின் வாய் அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் இருப்பதால் அதற்குக் கீழே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 50-க்குக் குறைவான டிப்பைக் கருவி ஏற்காது என்று வைத்தாகிவிட்டது.

சோதனை

அனுப்பும் முன் ஓட்டிய சோதனை இது. 50 மி.மீ. முதல், டேங்க்கைப் பொறுத்து 950 அல்லது 1,150 வரை, ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கொள்ளளவைக் கணக்கிட்டு, அதையே இலக்காகக் கொடுத்து, திரும்பி வரும் உயரத்தை முதல் உயரத்தோடு ஒப்பிடுவது. வித்தியாசம் எங்கும் 0.01 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. இரண்டு டேங்க் அளவுக்கும் தாண்டவில்லை. பழைய எப்சிலான் நிரலை இதே சோதனையில் விட்டிருந்தால் முதலாவது 128-ஐ அடுத்தும், திருத்தியது பெரிய டேங்க்கில் 1,024-ஐ அடுத்தும் நின்றிருக்கும். திருத்திய நிரலைச் சின்ன டேங்க்கின் அளவில் மட்டும் ஓட்டிப் பார்த்ததுதான் தவறு.

இந்தச் சோதனை தேடலைத்தான் சரிபார்க்கும், சூத்திரத்தை அல்ல. போவதும் வருவதும் ஒரே `volume` வழியாக என்பதால் நீளத்தைத் தவறாகப் போட்டிருந்தாலும் இது தெரியாது. அதற்கு டேங்க்கிலேயே பார்க்க வேண்டும்: அளவு சரிபார்த்த 20 லிட்டர் கேனால் பத்துத் தடவை ஊற்றி, முன்னும் பின்னும் டிப் எடுப்பது. ஊற்றியதும் உடனே டிப் எடுக்கக் கூடாது. மேற்பரப்பு அடங்கி நுரை தணியப் பத்து நிமிடம் விட வேண்டும். இரண்டு டேங்க்கிலும் கருவி சொன்னதற்கும் ராடு காட்டியதற்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருந்தது.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை

மடிக்கணினியில் எழுதும்போதே `double` போடாமல் `float` என்று எழுதிச் சோதிப்பது. அப்படிச் செய்திருந்தால் முதல் உறைதல் யூனோ வரை வந்திருக்காது. தசம எண்ணை அச்சிடும் ஒவ்வொரு இடத்திலும் இலக்க எண்ணிக்கையைச் சொல்லியே அச்சிடுவது. விட்டம், நீளம் இரண்டையும் நிரலுக்குள் பதிக்காமல் டேங்க் எண்ணோடு சேமித்துவைப்பது. மூன்றாவது டேங்க் வந்தால் மறுபடி நிரல் ஏற்ற வேண்டியிருக்காது.

கடற்காற்றில் எல்.சி.டி.யின் இணைப்புப் பின்கள் சில வாரத்திலேயே பச்சை பிடித்தன. அடுத்த பெட்டிக்கு ரப்பர் வளையம் வைத்த மூடியும், இணைப்புகளுக்கு மேல் வார்னிஷும் வேண்டும். பெரிய டேங்க்கின் அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் டியூப் லெவல் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். 2,500 மி.மீ. நீளத்தில் ஒரு முனை 10 மி.மீ. தாழ்ந்தால், டிப் குழாய் ஒரு முனையில் இருப்பதால் ராடு 5 மி.மீ. மாற்றிக் காட்டும்.